நாலு கட்டப் படம் தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

குறுக்கே உழைப்பு, நெடுக்கே பலன். நடுவில் ஒரு சிலுவைக் கோடு போட்டால் நாலு கட்டம். இடது மேல் கட்டத்தில் இருப்பதை உடனே செய், வலது மேலே இருப்பதைத் திட்டமிட்டுச் செய், இடது கீழே இருப்பதை நேரம் கிடைத்தால் செய், வலது கீழே இருப்பதை விட்டுவிடு. இந்தப் படம் சொல்வது இவ்வளவுதான். வரைவதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதை நம்பி ஒரு பொருளை நிறுத்திவிட்ட பிறகு படம் தப்பு என்று தெரிந்தால், போன வாடிக்கையாளர் திரும்பி வருவது கஷ்டம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் என் அண்ணி வீட்டிலேயே பலகாரம் செய்து சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறார். எந்தப் பொருளைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவு செய்ய இந்தப் படத்தைத்தான் பயன்படுத்துகிறோம். கீழே உள்ள கணக்கு அந்த அடுப்படிக் கணக்கு. பின்தொடர வசதியாக எண்களை முழுமையாக்கி இருக்கிறேன். "கையில் நிற்பது" என்பது விற்ற விலையில் மளிகை, எண்ணெய், காஸ், பாக்கெட் செலவு போக மிஞ்சுவது. கூலி இன்னும் கழிக்கவில்லை. சில்லி பைட்ஸ் என்பது இங்கே பக்கோடாவுக்குப் பேர்.

| பொருள் | வாரம் விற்பது | ஒன்றில் கையில் நிற்பது (ரேண்ட்) | வார மொத்தம் (ரேண்ட்) | கை வேலை (மணி) |
|---|---|---|---|---|
| சமோசா, டஜன் | 80 | 37,5 | 3000 | 24 |
| ரொட்டி, பத்து | 60 | 28 | 1680 | 18 |
| முறுக்கு | 60 | 25 | 1500 | 10 |
| மசாலா தூள் | 40 | 35 | 1400 | 4 |
| சில்லி பைட்ஸ் | 50 | 20 | 1000 | 5 |
| மாங்காய் ஊறுகாய் | 20 | 27 | 540 | 4 |
| லட்டு | 15 | 32 | 480 | 5 |
| அதிரசம் | 12 | 24 | 288 | 6 |

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் தப்பாகக் காட்டும்போது பெரும்பாலும் பொருளின் மேல் குற்றம் இருக்காது. கோட்டை எங்கே போட்டோம், எதை அளந்தோம் என்பதில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கோட்டைப் பாருங்கள், பிறகு அளவைப் பாருங்கள், கடைசியாகப் பொருளைப் பாருங்கள்.

அறிகுறி: புள்ளிகள் இடமிருந்து வலமாகச் சம இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன

எக்செல்லில் வரைபவர்கள் வேறு எதையும் யோசிக்கும் முன் இதைச் சோதிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க அமைப்பில் இருக்கும் விண்டோஸ் கணினிகளில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஊறுகாய்க்கு நாலரை மணி என்று நினைத்து 4.5 என்று தட்டினால் அது எண்ணாகப் போகாது, எழுத்தாக உட்கார்ந்துவிடும். குறுக்கு அச்சுக்கான எண்களில் ஒன்றே ஒன்று எழுத்தாக இருந்தாலும், சிதறல் வரைபடம் உங்கள் மணிக் கணக்கை மொத்தமாக ஒதுக்கிவிட்டு 1, 2, 3 என்று தானே வரிசை எண் போட்டுக்கொள்ளும். படம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் புள்ளியும் தன் இடத்தில் இருக்காது.

மணிகள் E நிரலில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், சோதனை இது:

```
=COUNT(E2:E9)
```

எட்டுப் பொருள் இருந்தால் விடை 8 வர வேண்டும். 7 வந்தால் ஒன்று எழுத்தாக இருக்கிறது. அது பெரும்பாலும் கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும், மற்ற எண்கள் வலது ஓரத்தில் நிற்கும். 4,5 என்று மாற்றித் தட்டினால் படம் உடனே சரியாகும். இணையத்தில் இருந்து எடுக்கும் சூத்திரங்களுக்கும் இதே தொல்லை உண்டு. உள்ளே காற்புள்ளி போட்டுப் பிரித்திருந்தால் இங்கே பிழை காட்டும், அரைப்புள்ளி போட வேண்டும்.

COUNT சரியாக 8 காட்டியும் இடைவெளி சமமாகவே இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்தது சிதறல் வரைபடம் இல்லை, கோட்டு வரைபடம். வரைபட வகையை மட்டும் மாற்றினால் போதும்.

அறிகுறி: எல்லாப் புள்ளியும் ஒரே கட்டத்தில் குவிந்திருக்கின்றன

ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் இது வரும். "இது முக்கியமா?" என்று தனித்தனியாகக் கேட்டால், செய்கிறவருக்கு எல்லாமே முக்கியம்தான், நாலும் ஐந்துமாக விழும். பொருள்களுக்கு மதிப்பெண்ணே தேவையில்லை, மேலே உள்ள மாதிரி ரேண்டும் மணியும் அளந்துவிடலாம்.

அளக்க முடியாத வேலைகளுக்குத்தான் மதிப்பெண் வேண்டியிருக்கும். சந்தைக் கடைக்குப் புதுப் பலகை எழுதுவது, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை ஒரே பட்டியலாக ஆக்குவது, பாக்கெட் மேல் ஒட்டும் சீட்டை மாற்றுவது போன்றவை. அப்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு வரிசைப்படுத்துங்கள். இருப்பதிலேயே அதிக உழைப்பு கேட்பது எது, குறைவானது எது என்று இரண்டை முதலில் இரு முனையிலும் வையுங்கள். மீதியை ஒவ்வொன்றாக எடுத்து, "இது அதைவிடக் கஷ்டமா, சுலபமா?" என்று பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு இடையில் சொருகுங்கள். பலனுக்கும் இப்படியே தனியாக ஒரு வரிசை. இரண்டு வரிசையையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். உழைப்பை வரிசைப்படுத்திய கையோடு பலனுக்குப் போனால் முதல் வரிசையின் நிழல் இரண்டாவதில் விழும்.

அறிகுறி: புள்ளிகள் கீழ் இடது மூலையில் இருந்து மேல் வலது மூலைக்குச் சாய்வாக ஏறுகின்றன

அதிகம் பார்க்கக் கூடியதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். எங்கள் அட்டவணையை அப்படியே வரைந்து பாருங்கள். நடுக்கோட்டுக்கு இடைநிலை எண்ணை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை எடுத்தால் உழைப்பில் ஐந்தரை மணி, பலனில் 1200 ரேண்ட். சமோசா, ரொட்டி, முறுக்கு மூன்றும் வலது மேலே போகும். சில்லி பைட்ஸ், ஊறுகாய், லட்டு மூன்றும் இடது கீழே போகும். எட்டில் ஆறு சாய்வுக் கட்டங்களிலேயே விழுந்துவிட்டன. மசாலா தூள் இடது மேலே, அதிரசம் வலது கீழே. நிறையச் செய்தால் நிறைய வரும், கொஞ்சம் செய்தால் கொஞ்சம் வரும் என்றுதான் படம் சொல்கிறது. இதைச் சொல்லப் படம் எதற்கு?

காரணம் சுலபம். இரண்டு அச்சிலும் வார மொத்தம் இருக்கிறது. 80 டஜன் என்ற எண்ணிக்கை சமோசாவின் மணியையும் ஏற்றும், ரேண்டையும் ஏற்றும். இரண்டு அச்சும் பாதிக்கு மேல் எண்ணிக்கையைத்தான் அளக்கின்றன.

உடனே தோன்றும் மருந்து, மொத்தத்தை விட்டு ஒரு பாக்கெட்டுக்குக் கணக்குப் போடுவது. போட்டுப் பார்த்தால் பெரிதாக எதுவும் மாறாது. சமோசா டஜனுக்கு 18 நிமிடம், 37,5 ரேண்ட். சில்லி பைட்ஸ் பாக்கெட்டுக்கு 6 நிமிடம், 20 ரேண்ட். முறுக்கு 10 நிமிடம், 25 ரேண்ட். லட்டு 20 நிமிடம், 32 ரேண்ட். சாய்வு அப்படியேதான் இருக்கும். அதிகம் மெனக்கெடும் பொருளுக்கு நாமே அதிக விலை வைக்கிறோம், அதனால் பாக்கெட் அளவிலும் உழைப்பும் பலனும் கைகோத்தே ஏறும். இடைநிலைக் கோடு போட்டால் இங்கும் ஆறு பொருள் சாய்வுக் கட்டங்களில்தான் விழுகின்றன. முறுக்கும் லட்டும் மட்டும் இடம் மாறிக்கொள்கின்றன.

சாய்வைக் கலைக்கப் பார்ப்பதைவிடச் சாய்வையே கோடாக எடுத்துக்கொள்வதுதான் வேலைக்கு ஆகும். வார மொத்தப் படத்திலேயே, சிலுவைக் கோட்டோடு இன்னொரு கோடு போடுங்கள். அது பூஜ்யத்தில் தொடங்கி, அடுப்படியின் சராசரி மணி வருமானத்தில் ஏறும் சாய்வுக் கோடு. வார மொத்தம் D நிரலில் இருந்தால்:

```
=SUM(D2:D9)/SUM(E2:E9)
```

மொத்தம் 9888 ரேண்ட், 76 மணி. மணிக்கு ஏறத்தாழ 130 ரேண்ட். கோடு வரைய இரண்டு புள்ளி போதும்: (0, 0), (25, 3250). இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் பொருள், செலவழித்த மணிக்குச் சராசரியைவிட அதிகம் தருகிறது. கீழே இருப்பது குறைவாகத் தருகிறது.

இப்போது படம் பேச ஆரம்பிக்கும். மசாலா தூள் மணிக்கு 350 ரேண்ட், சில்லி பைட்ஸ் 200, முறுக்கு 150, ஊறுகாய் 135. இந்த நாலும் கோட்டுக்கு மேலே. சமோசா 125, கோட்டை ஒட்டிக் கீழே. லட்டு 96, ரொட்டி 93, அதிரசம் 48.

கட்டம் சொன்னதையும் கோடு சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டம் ரொட்டியையும் முறுக்கையும் ஒரே இடத்தில் வைத்து, இரண்டும் பெரிய வேலை, திட்டமிட்டு வளர்த்துக்கொள் என்றது. கோடு முறுக்கை மேலேயும் ரொட்டியைக் கீழேயும் பிரிக்கிறது. சில்லி பைட்ஸைக் கட்டம் "நேரம் கிடைத்தால்" என்று ஒதுக்கியது. ஆனால் ரொட்டி தேய்க்கும் நேரத்தில் அதைச் செய்தால் மணிக்கு இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. வாரத்தில் 3 மணியை ரொட்டியில் இருந்து எடுத்தால் 10 பாக்கெட் குறையும், 280 ரேண்ட் போகும். அந்த 3 மணியில் சில்லி பைட்ஸ் 30 பாக்கெட் வரும், 600 ரேண்ட் வரும். நிகரமாக 320 ரேண்ட் கூடுதல்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த 30 பாக்கெட்டையும் வாங்க ஆள் இருக்க வேண்டும். சாய்வுக் கோடு இப்போது விற்பதற்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கூடுதலாகச் செய்தால் விற்குமா என்பதைச் சொல்லாது. மசாலா தூள் 350 என்று எல்லா நேரத்தையும் அதில் கொட்ட முடியாததும் இதனால்தான். ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு எவ்வளவு மசாலா செலவாகும்? கூட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சனிக்கிழமை மாலையில் மிச்சம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அறிகுறி: ஒரு பொருளைச் சேர்த்தாலோ எடுத்தாலோ வேறொன்று கட்டம் தாவுகிறது

சிலுவைக் கோட்டைச் சராசரியில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். எங்கள் கணக்கில் உழைப்பின் சராசரி ஒன்பதரை மணி, பலனின் சராசரி 1236 ரேண்ட். சமோசாவின் 24 மணி சராசரியை வலப்பக்கம் இழுத்துவிட்டது. அதனால் இடைநிலைக் கோட்டில் "விட்டுவிடு" என்று இருந்த அதிரசம், சராசரிக் கோட்டில் "நேரம் கிடைத்தால்" கட்டத்துக்கு வந்துவிடும். அதே ஆறு மணி, அதே 288 ரேண்ட். எதுவும் மாறாமலே தீர்ப்பு மாறிவிட்டது.

இப்போது சமோசாவைப் பட்டியலில் இருந்து எடுங்கள். பலனின் சராசரி 984 ஆக இறங்கும். 1000 ரேண்ட் தரும் சில்லி பைட்ஸ் கோட்டைத் தாண்டி "உடனே செய்" கட்டத்துக்கு ஏறிவிடும். இடைநிலை எண்ணுக்கு மாறினாலும் இந்தத் தொல்லை முழுதாகப் போகாது. பொருள் ஒன்று குறைந்தால் அதுவும் நகரும். எட்டுப் பொருள் உள்ள பட்டியலில் ஒரு பொருள் என்பது பெரிய பங்கு.

கோட்டைப் பட்டியலுக்கு வெளியில் இருந்து எடுப்பதுதான் மருந்து. ஓட்டல்காரர்களின் உணவுப் பட்டியல் ஆய்வில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1982-ல் கசவானா, ஸ்மித் என்ற இருவர் வகுத்த முறையில் உழைப்புக்குப் பதில் எவ்வளவு விற்கிறது என்பது ஒரு அச்சு. அதில் கோட்டை நேர் சராசரியில் போடாமல், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் சமமாகப் பிரித்தால் வரும் பங்கில் 70 சதவீதத்தில் போட்டார்கள். எட்டுப் பதார்த்தம் என்றால் சம பங்கு 12,5 சதவீதம், கோடு 8,75 சதவீதம். சராசரியில் கோடு போட்டால், எவ்வளவு நல்ல பட்டியலாக இருந்தாலும் சில பதார்த்தங்கள் கீழே விழுந்தே தீரும். 70 என்பது "இதற்குக் கீழே போனால்தான் கவலை" என்று முன்கூட்டியே எடுத்த முடிவு.

சிறு அடுப்படிக்கு இதைவிட நேரான கோடு கூலி. தென்னாப்பிரிக்காவில் 2025 மார்ச் 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28,79 ரேண்ட் ஆனது. உதவிக்கு வரும் பெண்ணுக்குக் கூலி, வந்துபோகும் டாக்சிக் காசு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்கு 50 ரேண்ட் ஆகிறது என்று அண்ணி கணக்கு வைத்திருக்கிறார். அதையே இரண்டாவது சாய்வுக் கோடாகப் போட்டோம்: (0, 0), (25, 1250). எந்தப் பொருளைச் சேர்த்தாலும் எடுத்தாலும் இது நகராது. இந்தக் கோட்டுக்குக் கீழே விழுவது அதிரசம் ஒன்றுதான். மணிக்கு 48. வேறொருவர் கையால் அதைச் செய்தால் ஒவ்வொரு மணியும் 2 ரேண்ட் நஷ்டம். லட்டும் ரொட்டியும் சராசரிக்குக் கீழே இருந்தாலும் கூலிக் கோட்டுக்கு நன்றாகவே மேலே இருக்கின்றன, ஆகவே நிறுத்த வேண்டியவை இல்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது "கவனி" என்ற பட்டை. எங்கள் படத்தில் முடிவெடுக்க உதவுவது நாலு கட்டத்தைவிட இந்த மூன்று பட்டைதான்.

அறிகுறி: ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு இடத்தில் வைக்கிறார்கள்

"சமோசாதான் என் உயிரை வாங்குது தம்பி, மடிச்சு மடிச்சு விரல் போச்சு" என்பார் அண்ணி. வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டியில் நிற்கும் அண்ணனோ சமோசாவைச் சுலபமான வேலை என்பார், முறுக்கைத்தான் திட்டுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கை மணியை அளக்கிறார், மற்றவர் சட்டி மணியை அளக்கிறார்.

இப்படிக் கருத்து மாறும்போது மதிப்பெண்ணைக் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் வழக்கம். அது கூடவே கூடாது. நடுவில் வரும் எண் கையையும் அளக்காது, சட்டியையும் அளக்காது. எது தட்டுப்பாடு என்று கேளுங்கள். எந்த ஒன்று கூடுதலாக ஒரு மணி கிடைத்தால் இந்த வாரம் அதிகம் விற்றிருப்போம்? அதுதான் உழைப்பு அச்சில் வர வேண்டும்.

எங்களுக்கு வாரம் முழுக்கக் கை தட்டுப்பாடு. வெள்ளிக்கிழமை மட்டும் சட்டி தட்டுப்பாடு, ஒரே சட்டிதான். ஆகவே வெள்ளிக்கிழமைக்குத் தனிப்படம் வேண்டியிருந்தது. சமோசா டஜனுக்கு 3 நிமிடம் சட்டியில் இருக்கிறது. 80 டஜனுக்கு 4 மணி. முறுக்கு பாக்கெட்டுக்கு 4 நிமிடம். 60-க்கு 4 மணி. சில்லி பைட்ஸ் 3 நிமிடம். 50-க்கு இரண்டரை மணி. மொத்தம் பத்தரை மணி. விடியலில் ஆரம்பித்து இரவு வரை சட்டி இறங்காததற்கு இதுதான் காரணம்.

சட்டி மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது. சமோசா 750 ரேண்ட், சில்லி பைட்ஸ் 400, முறுக்கு 375. கைக் கணக்கில் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்ற சமோசா இங்கே முதலிடம். கைக் கணக்கில் மேலே இருந்த முறுக்கு இங்கே கடைசி.

அதற்காக முறுக்கைக் குறைக்க வேண்டாம். சமோசாவும் சில்லி பைட்ஸும் சந்தைக்கு முந்தின நாள் பொரித்தால்தான் விற்கும், முறுக்கு டப்பாவில் வாரக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். முறுக்கு வேலையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினால் வெள்ளிக்கிழமைச் சட்டி ஆறரை மணியாகக் குறையும். மேலே சொன்ன கூடுதல் 30 பாக்கெட் சில்லி பைட்ஸுக்கு ஒன்றரை மணி சேர்த்தால் சரியாக 8 மணி. இந்த இடம் காலியாகாமல் ரொட்டியில் இருந்து மூன்று மணியை எடுத்திருந்தால் மாவு கரைத்து வைத்துக்கொண்டு சட்டிக்காகக் காத்திருந்திருப்போம். மசாலா அரைக்கும் மெஷினுக்கும் இதே மாதிரி தனிக்கணக்கு வேண்டும்; மின்வெட்டு இருக்கும் வாரத்தில் தட்டுப்பாடு அங்கே போய்விடும்.

அறிகுறி: போன மாதம் சரியாக இருந்த படம் இப்போது ஒத்துவரவில்லை

இங்கே இரண்டு காரணம் கலந்திருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பலன் பக்கம் நகர்ந்திருக்கலாம். புரட்டாசியில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் கவிச்சி தொடுவதில்லை. செப்டம்பர் நடுவில் ஆரம்பித்துக் கறி சமோசா படுத்துவிடும், காய்கறி சமோசாவும் சில்லி பைட்ஸும் ஏறும். "சமோசா" என்று ஒரே வரியாக வைத்திருந்தால் இது தெரியாது. மொத்தம் அதேபோல இருக்கும், உள்ளே கலவை மாறியிருக்கும். கறியும் காயும் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

இன்னொன்றுதான் கவனிக்காமல் விடுவது: உழைப்பு எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. லட்டைப் பாருங்கள். 15 பாக்கெட்டுக்கு 5 மணி. ஆனால் அதில் 2 மணி மாவு கரைத்து, பாகு பதம் பார்த்து, கடைசியில் பாத்திரம் தேய்ப்பது. 15 செய்தாலும் 60 செய்தாலும் அந்த 2 மணி அப்படியே இருக்கும். மீதி 3 மணிதான் பாக்கெட்டுக்கு 12 நிமிடம் என்று ஏறுவது. தீபாவளிக்கு 60 பாக்கெட் கேட்டு வந்தால் 2 மணியோடு 12 மணி, மொத்தம் 14. கையில் நிற்பது 1920 ரேண்ட். மணிக்கு 137. சாதாரண வாரத்தில் 96 என்று கோட்டுக்குக் கீழே கிடந்த அதே லட்டு, தீபாவளி வாரத்தில் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

அதனால் இப்படிப்பட்ட பொருளைப் படத்தில் ஒரு புள்ளியாக வைக்காமல் இரண்டாக வையுங்கள்: சாதாரண வாரம் ஒன்று, பெரிய ஆர்டர் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு சராசரிச் சாய்வை எங்கே வெட்டுகிறது என்பதுதான் தெரிய வேண்டியது. எங்கள் லட்டுக்கு 44 பாக்கெட் பக்கத்தில் வெட்டுகிறது. அதற்குக் குறைவான ஆர்டரை அண்ணி இப்போது தனியாக எடுப்பதில்லை. வாரம் ஒரு முறை போடுவதற்குப் பதில் மூன்று வார ஆர்டரைச் சேர்த்து ஒரே நாளில் போடுகிறார். 45 பாக்கெட்டுக்கு 11 மணி, மணிக்கு 131 ரேண்ட் ஆகிறது. சர்க்கரைப் பாகு லட்டு அவ்வளவு நாள் காத்திருந்து விற்காது என்பதால் வாங்குபவர்களுக்குத் தேதியை முன்பே சொல்லிவிடுகிறார்.

பண்டிகை வாரக் கணக்கையும் சாதாரண வாரக் கணக்கையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள். படத்தின் மூலையில் எந்த மாதத்துக் கணக்கு என்று எழுதி வையுங்கள்.

அறிகுறி: "விட்டுவிடு" என்று படம் சொல்கிறது, விட மனம் வரவில்லை

மனம் வராததற்குப் பின்னால் கணக்கில் ஏறாத ஏதோ ஒன்று இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு.

அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். 12 பாக்கெட்தான் விற்கிறது. வாங்குபவர்கள் யார் என்று ஆர்டர் நோட்டைப் பாருங்கள். அதிரசம் உள்ள ஆர்டர்களை ஒரு பக்கம், இல்லாதவற்றை ஒரு பக்கம் பிரித்து, இரண்டிலும் மற்றப் பொருள்களின் தொகை எவ்வளவு என்று கூட்டுங்கள். எங்களிடம் அதிரசம் கேட்பவர்கள் பெரும்பாலும் படையலுக்கு வாங்கும் வீட்டார். அவர்கள் முறுக்கும் லட்டும் கூடவே எடுக்கிறார்கள், அதிரசம் இல்லை என்றால் மொத்தத்தையும் வேறு இடத்தில் வாங்கக் கூடியவர்கள். அந்தத் தொகை பெரிதாக இருந்தால், படத்தில் அதிரசத்தின் பலன் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. பெரிதாக இல்லை என்றால் படம் சொல்வதுதான் சரி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கூட விற்றது எல்லாவற்றையும் அதிரசத்தின் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் அதே முறுக்கு ரேண்ட் முறுக்கின் புள்ளியிலும் அதிரசத்தின் புள்ளியிலும் இரண்டு முறை வரும். படத்தில் எண்ணை மாற்றாமல், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் "படையல் ஆர்டர்" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதினோம்.

விடுவதற்கு முன் விலையைத் தொட்டுப் பாருங்கள். 50 ரேண்ட் பாக்கெட்டை 60 ஆக்கினால் கையில் நிற்பது 24-ல் இருந்து 34 ஆகும். 12 பாக்கெட்டுக்கு 408, ஆறு மணிக்கு மணிக்கு 68. கூலிக் கோட்டைத் தாண்டிவிட்டது. படையலுக்கு வாங்குபவர் பத்து ரேண்டுக்காக நிற்க மாட்டார் என்று அண்ணி சொன்னார், நிற்கவும் இல்லை. விலை ஏற்றியதும் வாங்குவது நின்றுபோனால், அப்போது நிறுத்தலாம். அதுவும் ஒரேயடியாக வேண்டாம். சந்தைக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டு, முன்கூட்டி ஆர்டர் கொடுத்தால் மட்டும் செய்வது என்று மாற்றி, ஒரு புரட்டாசியையும் ஒரு தீபாவளியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.